‘மார்னிங் டா’வில் இருந்த ‘டா’ எங்கே போனது?

மூன்று வருடமாக வாரத்தில் நாலைந்து நாளாவது "மார்னிங் டா" என்று அனுப்பும் நண்பனிடமிருந்து ஒரு நாள் காலையில் இப்படி வந்தது: "குட் மார்னிங். ஹோப் யூ ஆர் டூயிங் வெல்." எழுத்துப் பிழை இல்லை, நல்ல வார்த்தைகள்தான், நலம்கூட விசாரித்திருக்கிறான். ஆனால் படித்த நொடியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் மேல் கோபமாக இருக்கிறான் என்று அந்த இரண்டு வரியே சொல்லிவிட்டது. கோபம் என்ற சொல்லோ, அதற்குப் பக்கத்தில் வரும் வேறு சொல்லோ அதில் எங்கேயும் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து வணக்கம் சொல்லும் நம் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் தப்பாமல் போடுகிறோம். அந்தக் கணக்கு எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். நம்மில் பலர் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறோம். படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் ஒன்று. வணக்கச் செய்தியில் தகவல் என்று எதுவும் கிடையாது. காலை நல்ல காலைதான் என்று அறிவிப்பதற்காக யாரும் குட் மார்னிங் சொல்வதில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923லேயே ஒரு பெயர் வைத்தார். உறவைத் தொட்டுவைத்துக்கொள்வதற்காக மட்டும் பேசும் பேச்சு என்பது அதன் சாரம். தகவலே இல்லாத இடத்தில் படிப்பவரின் கண் வேறு எதைப் பார்க்கும்? சொன்ன விதத்தைத்தான். அலுவலகக் கணக்கை அனுப்பும் மின்னஞ்சலில் ஒரு சொல் தமிழா ஆங்கிலமா என்று யாரும் கவனிப்பதில்லை. "ஹாய்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் "டா" இருக்கிறதா, "ங்க" இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பதை மட்டும் எல்லோரும் கவனிக்கிறோம்.

அடுத்தது, இந்த விஷயத்தின் முதுகெலும்பு. தமிழில் ஒருவரிடம் நலம் விசாரிக்க வாயைத் திறந்தாலே உறவைச் சொல்லியாக வேண்டும். "எப்படி இருக்க?" என்றால் நீ. "எப்படி இருக்கீங்க?" என்றால் நீங்க. நடுவில் நிற்க இடம் இல்லை, ஏனென்றால் தமிழ் வினைச்சொல் தன் வாலிலேயே ஆளைக் காட்டிவிடுகிறது. ‘நீ’, ‘நீங்க’ என்ற சொற்களை விழுங்கிவிட்டாலும் "இருக்க", "இருக்கீங்க" என்ற முடிவு உண்மையைப் போட்டு உடைத்துவிடும். புதிதாக அறிமுகமானவர், வயது தெரியாதவர், போன மாதம் வரை மேலதிகாரியாக இருந்து இப்போது சக ஊழியராகிவிட்டவர் என்று யாரிடமாவது தமிழில் "எப்படி" என்று ஆரம்பித்துவிட்டு விரல் நின்றுபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

ஆங்கிலம் உள்ளே நுழைவது இங்கேதான். "ஹவ் ஆர் யூ" என்பதில் இருக்கும் ‘யூ’ ஒரு ‘யூ’தான். அது நீயும் ஆகும், நீங்களும் ஆகும். உறவு இன்னும் முடிவாகாத இரண்டு பேருக்கு அது ஒரு திண்ணை மாதிரி. வீட்டுக்குள்ளும் போகவில்லை, தெருவிலும் நிற்கவில்லை. படித்தவன் என்று காட்டிக்கொள்ளத்தான் நாம் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்கிறோம் என்று சிலர் வருத்தப்படுவது உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தினசரி வாட்ஸ்அப் வணக்கங்களில் நான் பார்த்தவரை பெரும்பாலான நேரம் காரணம் இதுதான்: இன்னும் எடுக்காத முடிவை எடுக்காமலே பேசிவிட ஆங்கிலம் வழிவிடுகிறது.

சரி, தமிழுக்குள்ளேயே அப்படி ஒரு வழி இல்லையா என்றால், இருக்கிறது. "வீட்டுக்குப் போயாச்சா?", "எழுந்தாச்சா?", "கிளம்பியாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ‘ஆச்சா’வில் ஆள் இல்லை. நீயா நீங்களா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. "இன்னும் தூங்கலையா?", "வரலையா?" என்ற எதிர்மறைக் கேள்விகளும் அப்படித்தான். பேச்சுத் தமிழின் ‘அலை’ எல்லா ஆளுக்கும் ஒன்றே. மரியாதையில் மாட்டிக்கொள்ளாமல் பேச விரும்புகிறவர்கள், இலக்கணம் படிக்காமலேயே, இந்த வடிவங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். கலப்பு மொழி இதோடு இன்னொன்றைச் சேர்த்திருக்கிறது. "ஃப்ரீயா?", "பிஸியா?", "ஆல் ஓகேவா?" இவற்றில் சொல் ஆங்கிலம், கேள்வி கேட்கும் ‘ஆ’ தமிழ். வினைச்சொல்லே இல்லாததால் ஆள் காட்டும் வாலும் இல்லை. "ஹவ் ஆர் யூ"வில் இல்லாத வீட்டு வாசனை இதில் இருக்கிறது, "எப்படி இருக்க"வில் இருக்கும் உரிமை இதில் இல்லை. அறிமுகத்திலிருந்து நட்புக்குப் போகும் வழியில் "ஃப்ரீயா?" இவ்வளவு வருவதற்குக் காரணம் இந்த நடுநிலைதான். அதையே "ஃப்ரீயா இருக்கியா?" என்று நீட்டினால் மறுபடியும் மாட்டிக்கொண்டோம்.

உறவுப் பெயர்களிலும் இதே கதைதான் நடக்கிறது. தமிழில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு. இரண்டுக்கும் பொதுவாக விளிக்க அன்றாடப் பேச்சில் சொல் இல்லை. முகம் பார்க்காத ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் அவர் பெரியவரா சின்னவரா என்று ஊகிக்க வேண்டும். "ப்ரோ" அந்த ஊகத்திலிருந்து விடுதலை தருகிறது. தமிழ் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் "சகோ" என்று ஒன்றைப் பிடித்தார்கள். சகோதரனா சகோதரியா, மூத்தவரா இளையவரா என்ற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத சொல் அது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆங்கிலம் செய்துகொண்டிருந்த வேலையைத் தமிழே செய்துகொண்ட அழகான இடம் அது.

ஆக, தலைப்பகுதி ஆங்கிலமாக இருக்கும்போது உறவு வெளியே தெரிவதில்லை. அப்புறம் அது எங்கே தெரிகிறது? கடைசியில் ஒட்டும் ஒரு எழுத்தில், இரண்டு எழுத்தில். "ஹேப்பி பர்த்டே டா" என்பதில் ஆங்கிலச் சொல் இரண்டு, தமிழ் ஒன்றே ஒன்று. எண்ணிப் பார்த்தால் ஆங்கிலச் செய்தி. ஆனால் வாழ்த்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், ‘டா’வை யார் வேண்டுமானாலும் அனுப்ப முடியாது. அதனால்தான் எத்தனை சதவீதம் தமிழ், எத்தனை சதவீதம் ஆங்கிலம் என்று கணக்குப் பார்த்து நெருக்கத்தை அளக்க முடியாது என்கிறேன். நூற்றுக்கு நூறு தமிழில் இருக்கும் "இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்" பல வீடுகளில் அலுவலகப் பலகையில் எழுதும் வாழ்த்து மாதிரித்தான் படிக்கப்படுகிறது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுவேறு உடை உடுத்துகிற மொழி நம்முடையது. வணக்கச் செய்திகளில் எழுத்துத் தமிழுக்கு மரியாதை உண்டு, செல்லம் கிடையாது.

இந்த ஒட்டுகளில் ‘ங்க’ தனியாகச் சொல்லத் தகுந்தது. "ஹாய்ங்க", "ஓகேங்க", "தேங்க்ஸ்ங்க" என்று ஆங்கிலச் சொல்லின் மேலேயே அது உட்கார்ந்துகொள்ளும். "ஹாய் சார்" தரும் மரியாதையில் பதவி இருக்கிறது. "ஹாய்ங்க" தரும் மரியாதையில் பதவி இல்லை. நீங்கள் எனக்குச் சமம், ஆனால் உங்கள் மேல் இன்னும் கை போடவில்லை என்கிறது. ‘பா’ அதற்கு அடுத்த படி. "ஹாய்பா" என்பதில் நீயா நீங்களா என்பது இன்னும் கரைந்த நிலையில்தான் இருக்கும், ஆனால் குரல் மெதுவாகியிருக்கும். ‘டா’வுக்கு வந்தால் திரும்பிப் போவது கஷ்டம். ‘டி’ இன்னும் கூர்மையானது. தோழிகளுக்குள் அது அன்பு. அதே ‘டி’யை ஓர் ஆண் உரிமை கிடைப்பதற்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு அனுப்பினால் அது அத்துமீறல். முன்னால் எத்தனை இனிய ஆங்கிலச் சொல் வைத்தாலும் அது மாறாது.

சொன்னதையெல்லாம் ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க, அந்த நண்பனோடு நடந்த அரட்டையை ஆரம்பத்திலிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். முதல் வாரம் நாங்கள் ஒரே வேலையில் சேர்ந்த புதிது. இரண்டு பக்கமும் "குட் மார்னிங் சார்". யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாது, அதனால் இருவரும் சார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அவன் "குட் மார்னிங்" என்று மட்டும் அனுப்பியிருக்கிறான். நான் மறுநாளும் சார் போட்டிருக்கிறேன், அதற்கு அடுத்த நாள் விட்டுவிட்டேன். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒருவர் ஒரு படி இறங்குவதும் மற்றவர் ஒரு நாள் தயங்கிப் பின்னால் இறங்குவதும்தான் இதில் நடக்கும் பேரம். ஐரோப்பிய மொழிகளின் நீ, நீங்கள் பற்றி 1960இல் எழுதிய ஆய்வாளர்கள் ப்ரவுனும் கில்மனும், மேல் நிலையில் இருப்பவர்தான் முதலில் ‘நீ’க்கு இறங்க உரிமை உள்ளவர் என்று கண்டார்கள். எங்களுக்குள் மேல் கீழ் இல்லாததால் யாராவது ஒருவர் துணிய வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதத்தில் "ஹாய்ங்க, ஃப்ரீயா?" வருகிறது. பிறகு ஒரு இரவு பதினொரு மணிக்கு மேல், "என்னங்க இன்னும் தூங்கலையா?" முழு வாக்கியமும் தமிழாகிவிட்டது, ஆனால் அவன் தேர்ந்தெடுத்த வினை ஆள் காட்டாத ‘தூங்கலையா’. ‘ங்க’ மட்டும் வேலியாக நிற்கிறது. அதற்கும் சில வாரம் கழித்து அந்த நாள் வந்தது. "மீட்டிங் முடிஞ்சுது, டீக்கு வரியா?" என்று அனுப்பிவிட்டான். அடுத்த அரை நிமிடத்தில் இன்னொரு செய்தி: "சாரி, வரீங்களா." கை தவறி நழுவிய ‘வரியா’ அது. அந்தத் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு "வரேங்க" என்று நான் எழுதியிருந்தால் இன்னும் ஒரு வருடம் ‘ங்க’விலேயே இருந்திருப்போம் என்று நினைக்கிறேன். நான் எழுதியது "வரேன்பா." ‘டா’ என்று எழுத அப்போது எனக்குத் தைரியம் இல்லை. ‘பா’ அந்த இடைவெளியைத் தாண்டப் போட்ட பலகை. பத்து நாளில் "டேய்" வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வணக்கத்தில் மறுபடியும் ஆங்கிலம் நிறையச் சேர்ந்தது, "மார்னிங் டா", "ஹாய் டா", "குட் நைட் டா" என்று. இதைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. உறவு முடிவாவதற்கு முன்னால் ஆங்கிலம் ஒதுங்க இடம் கொடுத்தது. முடிவான பிறகு அதற்கு அந்த வேலை இல்லை. சும்மா வாய்க்கு வந்த சொல்லாக வந்து ‘டா’வின் மேல் சாய்ந்துகொண்டது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். அவன் வீடு மாறிய நாள் உதவிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், மறந்தே போய்விட்டேன். மறுநாள் காலையில்தான் "ஹோப் யூ ஆர் டூயிங் வெல்." இரண்டு பேருக்குள் எது வழக்கமான மொழியோ அது கண்ணில் படாது, அதிலிருந்து விலகும்போதுதான் செய்தி உண்டாகிறது என்று மொழியியலாளர் கேரல் மையர்ஸ்-ஸ்காட்டன் ஆப்பிரிக்க நகரங்களிலும் கிராமங்களிலும் பதிவு செய்த பேச்சுகளை வைத்து விளக்கினார். அவர் காட்டும் ஓர் உரையாடல் எனக்கு எப்போதும் நினைவில் இருக்கிறது. கென்யாவில் ஒரு கடைக்காரரிடம் அவருடைய சொந்தச் சகோதரி வருகிறாள். இருவரும் தங்கள் தாய்மொழியில் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். உடனே அவன் சுவாஹிலிக்கு மாறி, இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவள் தாய்மொழியிலேயே தொடர்கிறாள், அவன் சுவாஹிலியிலேயே நிற்கிறான். இந்தக் கடையில் நீ வாடிக்கையாளர், இனாமாக எதையும் எதிர்பார்க்காதே என்பதை அவன் சொல்லவில்லை, மொழி சொல்லிவிட்டது. என் நண்பன் செய்ததும் அதேதான். நான் "சாரி டா, சத்தியமா மறந்துட்டேன்" என்று எழுதினேன். அவன் "இட்ஸ் ஓகே. நோ இஷ்யூஸ்" என்றான். நான் தமிழில் கதவைத் தட்டுகிறேன், அவன் ஆங்கிலத்தில் திண்ணையிலேயே உட்கார வைக்கிறான்.

இதற்கு நேர் எதிரான திசையும் உண்டு. நார்வேயின் ஹெம்னெஸ்பெர்கெட் என்ற சிற்றூரில் மொழி ஆய்வாளர்கள் ப்ளோமும் கம்பர்ஸும் செய்து 1972இல் வெளியான ஆய்வில், உள்ளூர் அலுவலக மேசைக்கு வருகிறவர்கள் குடும்ப நலத்தை வட்டார வழக்கில் விசாரித்துவிட்டு, வேலை விஷயத்துக்குப் பொது மொழிக்கு மாறுவதைக் கவனித்தார்கள். நாமும் "என்னப்பா எப்படி இருக்க" என்று ஆரம்பித்து, "தட் ரிப்போர்ட் இஸ் பெண்டிங்" என்று போகிறோமே, அதுதான். அங்கே ஆங்கிலம் வந்ததற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. மாறியது உறவு இல்லை, பேசும் விஷயம். வணக்கமே ஆங்கிலத்துக்குப் போனால்தான் யோசிக்க வேண்டும்.

அப்போதும் அவசரப்படக் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் தங்கை ஒரு நாள் "குட் மார்னிங். ஐ வில் கால் யூ லேட்டர்" என்று அனுப்பினாள். வழக்கமாக "டேய் அண்ணா" இல்லாமல் அவளுக்கு வாக்கியமே ஆரம்பிக்காது. என்ன தப்புச் செய்தேன் என்று இரண்டு நாளைய செய்திகளைத் திரும்பப் படித்தேன், பிறகு பதறிப்போய்க் கூப்பிட்டேன். நடந்து போய்க்கொண்டே குரலால் தட்டச்சு செய்திருக்கிறாள். போன் ஆங்கிலத்தில் வைக்கப்பட்டிருந்ததால் அவள் அதற்குப் புரிகிற மாதிரிப் பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். புதிய விசைப்பலகை, மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போது தட்டுவது, நாலு பேருக்குச் சேர்த்து அனுப்பியதை அப்படியே நமக்கும் அனுப்புவது என்று ‘டா’ காணாமல் போக நூறு காரணம் இருக்கிறது. குழுவில் வரும் வணக்கத்தை வைத்து எதையுமே முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் பொருந்தும் ஒட்டு எதுவும் கிடையாது.

அதனால் ஒரு செய்தியை வைத்து நான் எதையும் நம்புவதில்லை. முதலில் அந்த ஆளின் வழக்கம் என்ன என்று பார்க்கிறேன். எல்லோரிடமும் ஆங்கிலத்திலேயே வணக்கம் சொல்கிறவர் என்னிடமும் அப்படிச் சொல்வதில் ஒன்றுமில்லை. வழக்கம் மாறியிருந்தால், கூடவே வேறு ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். ‘டா’ போனதோடு சேர்ந்து, சுருக்கி எழுதும் சொற்கள் முழுசாகிவிட்டனவா, இல்லாத முற்றுப்புள்ளி வந்திருக்கிறதா? கடைசியாக, நான் வழக்கமான கலப்பில் ஒரு பதில் போட்டுப் பார்க்கிறேன். சோதனை என்றால் அதுதான் சோதனை. நெருங்க விரும்புகிறவர்கள் பேச்சில் ஒருவரை நோக்கி ஒருவர் சாய்வார்கள், விலக விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் நிற்பார்கள் என்பது சமூக உளவியலாளர் ஹோவர்ட் கைல்ஸ் 1970களிலிருந்து சொல்லிவரும் விஷயம். தங்கைக்கு "சரி டீ, மெதுவா கூப்பிடு" என்று எழுதிக் காத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். அடுத்த வரியிலேயே அவள் தன் மொழிக்குத் திரும்பியிருப்பாள். என் நண்பன் விஷயத்தில் அது நடக்கவில்லை. என் ‘டா’வுக்கு நாலு முறை ‘டா’ இல்லாத பதில் வந்தது, நாலிலும் முற்றுப்புள்ளி.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் ‘டா’வை அதிகமாக்கினால் வேலை செய்யாது. "டேய் மச்சான், சாரி டா, கோவமா டா?" என்று நான் அடுக்கியபோது அவனுக்கு அது அழுத்தமாகத்தான் பட்டிருக்கும். நான் இன்னும் உன் உள்வட்டத்தில்தான் இருக்கிறேன் என்று அவனைக் கேட்காமலே அறிவிப்பது அது. அவன் நின்ற இடத்துக்கு நான் போக வேண்டியிருந்தது. மூன்றாவது நாள், ஒட்டு எதுவும் போடாமல், ஆள் காட்டும் வினையும் இல்லாமல் எழுதினேன்: "வீடெல்லாம் அடுக்கியாச்சா? சனிக்கிழமை ஃப்ரீ. வரலாமா?" அவனுக்கு நீ என்றும் இல்லை, நீங்க என்றும் இல்லை. திண்ணையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்த மாதிரி.

மதியம் வரை பதில் இல்லை. மூன்றரை மணிக்கு வந்தது.

"புக்ஸ் மட்டும் பாக்கி. வா."

‘டா’ இல்லை. ஆனால் ‘வாங்க’வும் இல்லை. சனிக்கிழமை காலையில் போனேன்.